சொன்னவர்: மேரிறோஸ்

1987 செப்ரெம்பர் 6 — 137 சொல்.
அதே நாள், தேநீருக்குப் பிறகு — 82.
செப்ரெம்பர் 13 — 51.
அதே நாள், கடை பூட்டுமுன் — 36.
ஒக்ரோபர் 17 — 30.

முதல் நான்கு கணக்கும் மேரிறோஸுக்குத் தெரிந்து நடந்தவை. ஐந்தாவது அவருக்குத் தெரியாமல் நடந்தது.

மேரிறோஸ் மன்னார் பேசாலையில் பிறந்தவர். 1982இல் கணவர் யோனுக்குப் பின்னால் பாரிசுக்கு வந்தார். புறநகர் சார்செலில் பத்தாம் மாடியில் வீடு. விடியுமுன் ரயிலேறி வந்து, கந்தோரில் வேலைசெய்கிறவர்கள் வருவதற்கிடையில் மூன்று மாடிகளைக் கூட்டித் துடைத்துவிட்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புவார். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ஒரு கத்தரிக்காய் வாங்கின கதையைச் சொல்ல வெளிக்கிட்டால், அந்தக் கத்தரிக்காய் விளைந்த நாடு, அதை விற்ற கடைக்காரரின் முழங்கால் வருத்தம், அதற்கு ஊரில் போடும் எண்ணெய் என்று போய், கடைசியில் கறி என்ன வைத்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார். யோன் அவருக்கு வைத்த பெயர் "றேடியோ". "எங்கட வீட்டு றேடியோவுக்கு ஓஃப் பண்ணுற கட்டை இல்லை" என்பார் வந்தவர்களிடம்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு படத்துக்கு நாற்பது சொல்லுக்குள் குறிப்பு எழுதித் தரும்படி கேட்டார்கள்.

லா சப்பல் மெற்றோவுக்குப் பின்னால் இருந்த வட்டார மண்டபத்தில், அந்தத் தெருக்களில் வாழும் மக்களைப் பற்றி ஒரு படக்கண்காட்சி வைக்க ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் மதாம் கொலெத் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தமிழர் பகுதிக்குப் பன்னிரண்டு படங்களை அவர் தமிழ்ச் சங்கத்திடம் கேட்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு அட்டை. அதில் தமிழில் நாற்பது சொல், பிரெஞ்சில் நாற்பது சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் ஏறாது. அட்டைகள் எல்லாம் ஒரே அளவு. எழுத்து, நின்று வாசிக்கிறவருக்குத் தெரியும் அளவில் இருக்கவேண்டும். "ஒரு படத்துக்கு முன்னால் சனம் அரை நிமிடம்தான் நிற்கும்" என்று மதாம் சொல்லியிருந்தார். குறிப்பின் அடியில், கணக்கில் சேராமல், "சொன்னவர்" என்று போட்டு அந்தப் படத்துக்கு உரியவரின் பெயர் வரும். இந்தப் பன்னிரண்டு அட்டைகளும் படங்களும் ஒரு சிறு புத்தகமாகவும் அச்சாகும்.

மேரிறோஸின் படம் அவர் வீட்டு அல்பத்தில் இருந்தது. கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் அறையில் நீட்டு மேசை. இருபது இருபத்தைந்து இளைஞர்கள், சிலர் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே, குனிந்திருந்து சாப்பிடுகிறார்கள். மேரிறோஸ் சோற்றுத் தட்டோடு நடுவில் நிற்கிறார். படத்தின் இடது ஓரத்தில், முழங்கைக்குக் கீழே ஒரு கை மட்டும் தெரிகிறது. அந்தக் கையில் அகப்பை.

அது கோசலையின் கை.

கோசலை கோண்டாவில்காரி. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் கணவரைத் தொலைத்துவிட்டு, தனியாய் வந்து சேர்ந்தவர். வந்த முதல் குளிர்காலத்தில், ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு கடை வாசலில் நின்ற பொடியன் ஒருவன் பாணின் அடித்துண்டை இரண்டாக முறித்து ஒரு பாதியைப் பொக்கற்றுக்குள் வைப்பதைக் கண்டாராம். அடுத்த கிழமையே கோயிலுக்குப் போய், சைவக்காரி என்று சொல்லிக்கொண்டே, பங்குச் சுவாமியிடம் அறை கேட்டார். அங்கே பூசை முடிந்து வந்துகொண்டிருந்த மேரிறோஸ், சுவாமிக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்த உதவினார். மேரிறோஸுக்கும் அப்போது பிரெஞ்சு அரைகுறைதான். இரண்டு பேரும் கையைக் காலை ஆட்டிக் கேட்டு அறையை வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு. வந்தவன் எந்த ஊர், எந்தப் பக்கம், விசா இருக்கோ இல்லையோ என்று ஒரு கேள்வியும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்தது.

நடக்கும்போதே கதையும் நடந்தது. புருசன் இல்லாத பெண், முப்பது பொடியன்களுக்கு நடுவில். தேநீர்க் கோப்பையோடு தொடங்கும் அந்தக் கதை, கடைகளில் அரிசி நிறுக்கும் நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். கோசலை கேட்டும் கேளாதவர்போல் வெங்காயம் வெட்டினார். 1986 மே மாதம் தமையனோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். போன பிறகும் கதை போகவில்லை. "ஏன் அவசரமாய்ப் போனவ?" என்று அதற்கு ஒரு வால் முளைத்தது. அது ரொறொன்ரோ வரை நீண்டுவிட்டது என்று கோசலையே எழுதியிருந்தார்.

அதனால்தான் இந்தக் குறிப்பு மேரிறோஸுக்குப் பெரிய விசயமானது. "கோசலை, கதைச்ச ஆக்கள் எல்லாரும் வந்து நிண்டு வாசிக்கிற இடத்திலை உன்ர பேர் இருக்கும். புத்தகத்திலையும் இருக்கும். உனக்கு முதல் ஆளாய் அனுப்பச் சொல்லுறன்" என்று எழுதிப் போட்டார். கோசலை அதற்கு மறுமொழியாக ஒரு வரி எழுதினார்: "பேர் வந்தால் காணும் அக்கா, புகழ்ச்சி வேண்டாம்."

குறிப்பைத் திருத்திக் கொடுக்க அல்பிரட் வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பதினொரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவர். லா சப்பலில் இராஜதுரையின் பலசரக்குக் கடையில் கணக்குப் பார்த்தார். இராஜதுரைதான் சங்கத் தலைவர், அல்பிரட் செயலாளர். மேரிறோஸின் மகனுக்கு அல்பிரட் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் தண்ணீர் வார்க்கும்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவர். அவரைவிட நம்பக்கூடிய ஆளைப் பாரிசில் தேடினாலும் மேரிறோஸுக்குக் கிடைக்காது.

செப்ரெம்பர் ஆறாம் திகதி, ஞாயிறு பின்னேரம், கடையின் பின்னறையில் வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் இருந்தார்கள். மேரிறோஸ் இரண்டு சிறு தாள் நிறைய, நூற்று முப்பத்தேழு சொல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அல்பிரட் வாய்விட்டு வாசித்தார்.

"'இந்தப் படத்தில் நீங்கள் காண்பது என்னவென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர் என்றால் சொல்லி மாளாத குளிர், நாங்கள் எல்லோரும் கோயிலின் கீழே இருக்கிற அறையில் நீட்டு மேசை போட்டு, அந்த மேசையும் சுவாமியிடம் கெஞ்சி வாங்கினது, பொடியன்கள் இருந்து சாப்பிடுகிறார்கள், நீல ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு சோறு போடுகிறது நான்தான், அந்த ஸ்வெற்றர் இப்போது இல்லை...'" அல்பிரட் தாளைத் தாழ்த்தினார். "றோஸ், ஸ்வெற்றர் எங்கை போச்சு?"

"கழுவேக்கை சுருங்கிப் போச்சண்ணை. பிறகு—"

"சொல்லாதை. அதுக்கும் இருபது சொல் போகும்."

மேரிறோஸ் சிரித்தார். அல்பிரட் சிவப்புப் பேனையை எடுத்தார்.

"படம் ஒண்டைச் சொல்லுது. நீ வேறை ஒண்டைச் சொல்லவேணும். மேசை தெரியுது. பொடியள் சாப்பிடுறது தெரியுது. நீலமோ பச்சையோ, அதுவும் கண் உள்ளவனுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியிறதைத் திருப்பிச் சொன்னால் வாசிக்கிறவனைக் குருடன் எண்டு சொல்லுற மாதிரி. கண்ணுக்குத் தெரியாததை மட்டும் சொல்லு. எந்த வருசம், எந்த இடம், ஆர், ஏன்."

"குளிர் கண்ணுக்குத் தெரியாதே?"

"சட்டையைக் கழட்டாமல் இருந்து சாப்பிடுறாங்கள். குளிர் தெரியுது."

குளிர் போனது. ஸ்வெற்றர் போனது. 'நீங்கள் காண்பது என்னவென்றால்' போனது. மார்செய்யிலிருந்து கருவாடு கொண்டுவந்து தந்த அண்ணைக்கு நன்றி சொன்ன இடத்தில் மேரிறோஸ் மறித்தார்.

"அவர் பாவம் அண்ணை. அவரை வெட்டாதையுங்கோ."

"நன்றி சொல்லுறதெண்டால் ஆளைக் கண்டு சொல்லு. அட்டை நன்றி சொல்லுற இடமில்லை. ஒருத்தருக்குச் சொன்னால் மற்றவன் கோவிப்பான். எல்லாருக்கும் சொன்னால் படம் சுவரிலையும் அட்டை நிலத்திலையும் கிடக்கும்."

தேநீர் வந்தது. குடித்து முடிந்தபோது எண்பத்திரண்டு. இரண்டாவது தாளின் அடிக்கு வந்தபோது அல்பிரட்டின் பேனை நின்றது. அங்கே மேரிறோஸ் எழுதியிருந்தார்: 'மறந்துபோனேன், ஓரத்தில் தெரிகிற கை கோசலையுடையது, இதை எல்லாம் தொடங்கினதும் அவதான், கடைசிவரைக்கும் அடுப்படியில் நின்றதும் அவதான், படம் எடுக்க வரச் சொன்னால் வரமாட்டா.'

"எடி விசரி," என்றார் அல்பிரட். "உன்ர கதையின்ர தலை வாலிலை கிடக்கு. மற்றதெல்லாம் இந்த ஒரு வசனத்துக்காகத்தான். இந்தக் கை ஆற்றை எண்டு படம் சொல்லாது. நீ சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது."

இந்தச் சொற்களை மேரிறோஸ் பிறகு பலமுறை நினைத்துப் பார்க்க நேர்ந்தது. அந்த வசனத்தைக் கண்டெடுத்தவர் மேரிறோஸ் அல்ல, அல்பிரட். அதன் பெறுமதி தெரிந்தவரும் அவர்தான்.

அடுத்த ஞாயிறு மிச்ச வேலை. ஐம்பத்தொன்றில் வந்து நின்றுவிட்டது. இனி வெட்டினால் எலும்பிலே படும் என்று மேரிறோஸ் சொன்னார். அல்பிரட் வெட்டவில்லை, பின்னினார். 'வேலை இல்லாமலும் இருக்க வீடு இல்லாமலும் இருந்த ஆட்களுக்கு' என்பது 'வேலையும் வீடும் இல்லாதிருந்தவர்களுக்கு' ஆனது. ஏழு சொல் மூன்றானது. 'ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்' என்பது 'ஞாயிறுதோறும்' ஆனது. இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல் என்பது மதாம் கொலெத்தின் கணக்கு.

"அப்ப எல்லாத்தையும் ஒட்டிவிடுங்கோவன். ஒரே சொல்லிலை முடிஞ்சிடும்."

"ஒட்டலாம். வாசிக்கிறவன் மூச்சடைச்சு விழுந்தால் நீதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

கடை பூட்டுமுன் குறிப்பு இப்படி இருந்தது:

'1984 மார்ச் முதல் 1986 மே வரை, ஞாயிறுதோறும், புதிதாய் வந்து வேலையும் வீடும் இல்லாதிருந்தவர்களுக்கு இந்த நிலக்கீழ் அறையில் மதியச்சோறு கிடைத்தது. எவரிடமும் பெயரோ ஊரோ கேட்கவில்லை. பரிமாறுபவர் மேரிறோஸ். இடது ஓரத்தில் அகப்பை பிடித்திருக்கும் கை கோசலையுடையது. இந்தச் சமையலைத் தொடங்கியவரும் இரண்டு ஆண்டும் நடத்தியவரும் அவரே.'

மேரிறோஸ் விரல் வைத்து எண்ணினார். முப்பத்தாறு. நாலு சொல் கையில் மிஞ்சியது.

"அதைப் பிரெஞ்சுக்காரருக்குச் சீதனமாய் விடு," என்றார் அல்பிரட். "அவங்கட பாசையிலை ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னாலை ஒரு குட்டிச் சொல் போகவேணும். எங்கட முப்பத்தாறு அங்கை ஐம்பதைத் தாண்டும். பிரெஞ்சு செய்யிற வலன்ரைனோடை இருந்து அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"கோசலையின்ர வசனம்?"

"அதிலை கை வைப்பனே? அதுதானே குறிப்பு."

மேரிறோஸ் கோசலையின் ரொறொன்ரோ விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். புத்தகம் அச்சானதும் முதல் பிரதி அங்கே போகவேண்டும். அல்பிரட் துண்டைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். வெளியே வந்தபோது மேரிறோஸுக்கு உடம்பு பாரம் குறைந்ததுபோல் இருந்தது. தன் வாயால் வந்த கதை இவ்வளவு சிறிதாகவும் இவ்வளவு நேராகவும் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ரயிலில் அதை மனப்பாடம் செய்தார். வீட்டில் யோனுக்கு ஒப்பித்தார். யோன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அரை நிமிசம்கூட இல்லை! றேடியோவிலை இண்டைக்குத்தான் செய்தி வாசிச்சிருக்கு" என்றார்.

ஒக்ரோபர் பதினேழு, சனிக்கிழமை, கண்காட்சி திறந்தது. மேரிறோஸ் கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டி, அதன்மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் இராஜதுரை பட்டு வேட்டியோடு நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். மேரிறோஸையும் கும்பிட்டார். "உங்கட படம்தான் தங்கச்சி எல்லாத்திலும் திறம்" என்றார்.

படம் ஏழாவதாக இருந்தது. அளவு பெருப்பித்து, கண்ணாடி போட்டிருந்தார்கள். மேரிறோஸ் முதலில் பார்த்தது ஓரத்தை. கை இருந்தது. அகப்பையும் இருந்தது. பெரிதாக்கியதில் கோசலையின் மணிக்கட்டில் கிடந்த கறுப்பு நூல்கூடத் தெரிந்தது. பிறகு அட்டைக்குக் குனிந்தார்.

'1984 முதல் 1986 வரை, ஞாயிறுதோறும், புதிதாய் வந்து வேலையும் வீடும் இல்லாதிருந்தவர்களுக்கு இந்த நிலக்கீழ் அறையில் மதியச்சோறு கிடைத்தது. எவரிடமும் பெயரோ ஊரோ கேட்கவில்லை. சங்கத் தலைவர் திரு. இராஜதுரை அவர்களின் முயற்சியால் நடைபெற்ற இப்பணியில் பரிமாறுபவர் திருமதி மேரிறோஸ்.'

அதற்குக் கீழே, சரிந்த எழுத்தில்: 'சொன்னவர்: மேரிறோஸ்.'

திரும்ப வாசித்தார். ஏதோ ஒரு வரியைக் கண் தவறவிட்டிருக்கும் என்று விரலை வைத்து வாசித்தார். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரி ஒதுங்கி இடம் விட்டாள். இராஜதுரை அந்த அறைக்கு இரண்டு ஆண்டில் ஒரே ஒரு நாள் வந்திருந்தார். ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து, அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அதுவும் வேறு படம்.

அல்பிரட் குளிர்பானம் ஊற்றும் மேசையடியில் நின்றார். கூட நின்றவர் வலன்ரைன். பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை, அட்டைகளுக்குப் பிரெஞ்சு செய்து கொடுத்தவர். மேரிறோஸ் நேரே போனார்.

"அண்ணை, கோசலை எங்கை?"

அல்பிரட் ஒரு குவளையை நேராக்கி வைத்தார். "நான் சொல்லத்தான் இருந்தனான், றோஸ். பிரெஞ்சிலை போட்டுப் பாத்தால் அறுபதுக்குக் கிட்ட வந்திட்டுது. மதாம் நாப்பதுக்கு மேலை ஒண்டும் ஏலாது எண்டிட்டா. ஏதோ ஒண்டை விடவேண்டி வந்தது. பிறகு தமிழும் பிரெஞ்சும் ஒண்டாய் இருக்கவேணும் எண்டு—"

"எந்த வசனங்க?" என்று வலன்ரைன் குறுக்கே கேட்டார். அவர் நல்ல மனிதர். கதையின் சூடு தெரியாமல் உள்ளே வந்துவிட்டார்.

"கோசலையின்ர. கை கோசலையுடையது எண்ட வசனம்."

"எனக்குக் குடுத்த தாள்ல அந்தப் பேரே இல்லிங்களே மதாம். அல்பிரட் அண்ணன் டைப் அடிச்சுக் குடுத்தாரு, அதை அப்படியே பிரெஞ்சுல பண்ணேன். சரியா முப்பத்தெட்டு வந்துச்சு. ஒரு சொல்லுகூட நான் விடலைங்க." அவர் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு குவளையை எடுத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் போய்விட்டார்.

மேரிறோஸ் காத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவர் வாய்மூடி இன்னொருவர் பேசுவதற்காகக் காத்திருந்தது அபூர்வம்.

"போன மாதக் கடைசியிலை இராஜதுரையண்ணை எல்லா அட்டையும் கடையிலை வச்சு வாசிச்சவர்," என்றார் அல்பிரட் கடைசியில். "உதென்ன, சங்கத்தின்ர அட்டையிலை சங்கத்தின்ர பேர் இல்லை, அந்தப் பொம்பிளையின்ர பேர் கிடக்குது எண்டார். ஊர் சிரிக்கும் எண்டார். கோசலையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்."

"வெட்டினது?"

"நான்தான்."

"ஆற்றை கை எண்டு படம் சொல்லாது, நீ சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது எண்டு ஆர் அண்ணை சொன்னது?"

"றோஸ், நான் அவற்றை கடையிலை இருக்கிறன். மச்சான் இஞ்சை வர வேலைக் கடிதமும் அவர்தான் தரவேணும். நாலு பிள்ளையோடை அவன் கொழும்பிலை நிக்கிறான்." குரல் தாழ்ந்தது. "உன்ர பேரை நான் விடேல்லை. அதுக்காகச் சண்டை பிடிச்சனான். அவர் அதையும் எடுக்கச் சொன்னவர்."

"எடுத்திருக்கலாமே!" என்றார் மேரிறோஸ். "அதை எடுத்திருந்தால் உங்களைக் கும்பிட்டிருப்பன். இப்ப என்ன கிடக்குது அங்கை? நான் சொன்னதாக் கிடக்குது. இராஜதுரையின்ர முயற்சி எண்டு நான் சொன்னதா. கோசலை எண்டு ஒருத்தி இல்லையெண்டு நான் சொன்னதா."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, அரிசி நிறுக்கிற இடத்தில் அந்தப் பழைய கதையைப் பரப்பியவள். அவள் கையில் புத்தகம் இருந்தது. அதைக் கண்டபோதுதான் மேரிறோஸுக்கு விலாசத் துண்டு நினைவுக்கு வந்தது.

"புத்தகம் கனடாவுக்குப் போட்டாச்சோ?"

அல்பிரட் நிலத்தைப் பார்த்தார். "இந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாத்தையும் தபாலிலை போட்டது. ரொறொன்ரோவுக்கு ஆறு. நீ தந்த விலாசத்துக்கும் போனது."

மேரிறோஸ் மதாம் கொலெத்திடம் போனார். தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் திரட்டி, அட்டையில் உள்ளது பொய் என்றார். மதாம் அவரை ஒரு கதிரையில் இருத்தி, பொறுமையாகக் கேட்டார். புத்தகம் ஐந்நூறு அச்சாகிவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அட்டையை மாற்றலாம், ஆனால் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பு சங்கம். செயலாளர் கையெழுத்திட்டு ஒரு தாள் தந்தால் போதும், நாளைக்கே மாற்றிவிடலாம்.

செயலாளர் அல்பிரட். மேரிறோஸ் அறையின் மறுபக்கத்தைப் பார்த்தார். அல்பிரட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். இராஜதுரை அவர் தோளில் கை போட்டு யாருக்கோ அறிமுகம் செய்துகொண்டிருந்தார். ஒரு தாள், ஒரு கையெழுத்து. அல்பிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படியென்றால் கீழே சொன்னவர் என்று வரும் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள்" என்றார் மேரிறோஸ். அது அவருடைய பெயர். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மதாம் தானே ஒரு வெள்ளை ஒட்டுத்தாளை வெட்டி, 'சொன்னவர்' வரியின் மேல் ஒட்டினார். தாள் கொஞ்சம் மெல்லியது. கிட்டப் போய்ப் பார்த்தால் பெயர் உள்ளே மங்கலாகத் தெரிந்தது.

அன்றிரவு யோன் "றேடியோ ஏன் ஓடேல்லை?" என்று கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தபின் மேலே கேட்காமல் விட்டார்.

மேரிறோஸ் கோசலைக்கு எழுதினார். முதல் கடிதம் ஒன்பது பக்கம். வெங்காயச் சாக்கு, சிவப்புப் பேனை, வலன்ரைன் சொன்னது, மதாம் சொன்னது, மெல்லிய தாள், எல்லாம் அதில் இருந்தன. போட்ட பிறகுதான், கேட்டுக்கொள்ளவேண்டிய மன்னிப்பு எட்டாம் பக்கத்தின் நடுவில் கிடப்பது நினைவுக்கு வந்தது. இரண்டாவது கடிதம் நாலு பக்கம். மறுமொழி இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அல்பிரட் வழமைபோல் கேக்கோடு சார்செலுக்கு வந்தார். பிள்ளை ஓடிப்போய் அவர் மடியில் ஏறினான். மேரிறோஸ் தேநீர் வைத்தார், சீனி அளவாய்ப் போட்டார், ஒரு சொல் பேசவில்லை. அல்பிரட், கடையில் தன் சம்பளம் கூடியது பற்றியும் மச்சானுக்குக் கடிதம் கிடைத்தது பற்றியும் யோனிடம் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "றோஸ், ஏசியாவது விடு" என்றார். மேரிறோஸ் அவருடைய குளிர்ச்சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரியில் மூன்றாவது கடிதத்தை எழுதினார். இம்முறை எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்தார். 'நான் சொன்னது வேறு. உன் பெயரோடு சொன்னேன். அல்பிரட் அண்ணை வெட்டினார். அதை நான் காக்கவில்லை, அவரை நம்பிவிட்டுப் போய்விட்டேன். மன்னித்துக்கொள்.' யாரிடமும் காட்டாமல் போட்டார்.

அதற்கு மறுமொழி வந்தது. கோசலையின் எழுத்து எப்போதும்போல் நிமிர்ந்து, இடைவெளி விட்டு இருந்தது.

'மேரிறோஸ் அக்காவுக்கு, உங்கட மூன்று கடிதமும் கிடைத்தன. நீங்கள் எழுதியதை நான் நம்பத்தான் பார்க்கிறேன். சிலநாள் நம்புகிறேன். ஆனால் இங்கே அந்தப் புத்தகம் ஆறு வீட்டில் இருக்கிறது. அதில் ஒட்டுத்தாள் இல்லை. வருகிற ஆட்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, கூட நின்ற மேரிறோஸே சொல்லியிருக்கிறாள், உன்ர பேர் இல்லையே என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உங்கட கடிதத்தைக் காட்டிக்கொண்டு நான் இருக்க முடியாது. புகழ்ச்சி வேண்டாம், பேர் காணும் என்று கேட்டேன். இனி எனக்கு எழுதவேண்டாம். பிள்ளைக்கு என் அன்பு. கோசலை.'

மேரிறோஸ் அதை வேலையால் வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், குசினியில் நின்றபடி வாசித்தார். உறையின் மேல் யோன் பென்சிலால் எழுதி வைத்திருந்தார், எந்தக் கடிதம் வந்தாலும் அவர் அப்படித்தான் எழுதுவார்: வந்தது 1988 பெப்ரவரி 9, செவ்வாய்.